பைசா ஒட்டாத பில்: இணையக் கடைக்கும் டேலிக்கும் நடுவே கணக்கை யார் போடுவது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பலகாரம் செய்து விற்பவர்கள் பலர் இப்போது இரண்டு மென்பொருள்களில் கால் வைத்திருக்கிறார்கள். ஆர்டர் வருவது இணையக் கடையில், கணக்கு இருப்பது டேலியில். நடுவில் ஓர் இணைப்பு நிரல் இரவோடு இரவாக பில்களை அங்கிருந்து இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. காலையில் பார்த்தால் வாடிக்கையாளர் கட்டியது 1,900.00 ரூபாய், டேலியில் விழுந்தது 1,899.93. ஏழு பைசாவுக்கு யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனால் ரசீது 1,900 என்று பதிவானதும் அந்த வாடிக்கையாளர் பெயரில் ஏழு பைசா வரவாகத் தொங்கும். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலை எடுத்தால் இப்படிப் பைசாக்களே பக்கம் பக்கமாக வரும். உண்மையிலேயே பணம் வர வேண்டிய மூன்று பேர் அதற்குள் மறைந்துபோவார்கள்.

இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கடைக்குப் பொருந்தும். எது உங்களுக்கு என்று முடிவெடுக்க, பைசா எந்த இடத்தில் கழன்று விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே ஆர்டர், நான்கு மொத்தம்

மதுரைக்குப் போகும் ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். தேன்குழல் 90 ரூபாய்ப் பாக்கெட் 12, சீப்புச்சீடை 80 ரூபாய்ப் பாக்கெட் 4, கலப்புப் பலகாரப் பெட்டி 500 ரூபாயில் ஒன்று. மூன்றும் வரி உட்பட்ட விலை. பொட்டலமிட்ட நொறுக்குத்தீனிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள்ளேயே போவதால் அது சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டாகப் பிரியும். வாடிக்கையாளர் கட்டியது 1,080 + 320 + 500 = 1,900.

விலையிலிருந்து வரியைப் பிரிக்க 1.05-ஆல் வகுக்க வேண்டும். 90-ஐ வகுத்தால் 85.714285 என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் விவகாரம் தொடங்குகிறது. ஒரு பாக்கெட்டின் விலையிலேயே வெட்டி 85.71 என்று வைத்து 12-ஆல் பெருக்கினால் 1,028.52. முதலில் 1,080 என்ற அந்தச் சரக்கின் மொத்தத்தை எடுத்து வகுத்துப் பிறகு வெட்டினால் 1,028.57. ஒரே சரக்கில் ஐந்து பைசா போய்விட்டது.

வெட்டக்கூடிய இன்னோர் இடம் வரி. சரக்குக்குச் சரக்கு வரி போட்டு, ஒவ்வொன்றையும் பைசாவுக்கு முழுமையாக்கிக் கூட்டலாம். அல்லது வரிக்கு முந்தைய மதிப்பை எல்லாம் கூட்டிவிட்டு பில்லின் அடியில் ஒரே ஒரு முறை வரி போடலாம். இந்த இரண்டையும் சேர்த்தால் நான்கு கூட்டணி:

| வெட்டும் இடம் | வரிக்கு முந்தைய மதிப்பு | சிஜிஎஸ்டி | எஸ்ஜிஎஸ்டி | மொத்தம் |
|---|---|---|---|---|
| பாக்கெட் விலையில், வரி சரக்குவாரியாக | 1,809.47 | 45.23 | 45.23 | 1,899.93 |
| பாக்கெட் விலையில், வரி பில் அடியில் | 1,809.47 | 45.24 | 45.24 | 1,899.95 |
| சரக்கு மொத்தத்தில், வரி சரக்குவாரியாக | 1,809.52 | 45.23 | 45.23 | 1,899.98 |
| சரக்கு மொத்தத்தில், வரி பில் அடியில் | 1,809.52 | 45.24 | 45.24 | 1,900.00 |

நான்கிலும் கணிதப் பிழை எதுவும் இல்லை.

இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு. வரி உட்பட்ட விலையில் விற்கும் இணையக் கடை மென்பொருள் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும். 500 ரூபாயை அசையாப் புள்ளியாக வைத்து, வரி 11.90 + 11.90 என்று எடுத்து, மிச்சம் 476.20 என்பதை வரிக்கு முந்தைய மதிப்பு என்று எழுதிக்கொள்ளும். கூட்டினால் எப்போதும் 500 வரும். டேலி கீழிருந்து மேலே ஏறும்: மதிப்பு இது, அதில் 2.5 சதவீதம் இது, மொத்தம் இது. இணையக் கடை சொன்ன 476.20-ஐ மட்டும் டேலிக்கு அனுப்பி, வரியை நீயே போட்டுக்கொள் என்றால் 476.20-இன் 2.5 சதவீதம் 11.905. முழுமையாக்கினால் 11.91. இரண்டு தரம் சேர்த்தால் மொத்தம் 500.02. இப்போது வாடிக்கையாளர் இரண்டு பைசா பாக்கி வைத்தவர் ஆகிறார்!

எந்த விலைக்கு விடையே கிடையாது

இரண்டு பக்கமும் ஒரே முறையில் கணக்கிட்டால் ஒட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஒட்டும். ஆனால் சில விலைகளுக்குக் கீழிருந்து ஏறும் எந்த முறையிலும் ஒட்டாது. மேலே சொன்ன 500-ஐ எடுங்கள். வரிக்கு முந்தைய மதிப்பை ஒவ்வொரு பைசாவாக நகர்த்திப் பாருங்கள்:

- 476.18 என்றால் வரி 11.90 வீதம் இரண்டு, மொத்தம் 499.98
- 476.19 என்றால் வரி 11.90 வீதம் இரண்டு, மொத்தம் 499.99
- 476.20 என்றால் வரி 11.91 வீதம் இரண்டு, மொத்தம் 500.02

500.00 என்ற எண் வழியிலேயே இல்லை. வரி இரண்டாகப் பிரிவதால் ஒரு பைசா ஏறினால் இரண்டாக ஏறும். அதனால் இந்தத் தாவல். 80 ரூபாய்க்கும் இதே கதைதான். 80-இலிருந்து 105 கூட்டிக்கொண்டே போனால் வரும் 185, 290, 395, 500 எல்லாம் இந்த இனம். 90 ரூபாய் அப்படியில்லை: 85.71 என்று வைத்தால் 89.99 வருகிறது, ஆனால் 85.72 என்று வைத்தால் வரி 2.14 வீதம் இரண்டு, சரியாக 90.00.

அதே 500 ரூபாய்ப் பெட்டி பெங்களூருக்குப் போனால் ஐஜிஎஸ்டி 5 சதவீதம் ஒரே தொகையாக வரும். 476.19-க்கு 23.81, மொத்தம் 500.00, பிரச்சினை இல்லை. ஆனால் 250 ரூபாய்ப் பெட்டியை எடுத்தால் தலைகீழ். தமிழ்நாட்டுக்குள் 238.10 + 5.95 + 5.95 = 250.00 என்று அழகாக ஒட்டும். வெளிமாநிலத்துக்கு 238.10-இன் 5 சதவீதம் 11.905, மேலே ஏற்றினால் 250.01, மதிப்பை 238.09 ஆக்கினால் 249.99. “மதுரை பில் ஒட்டுகிறது, பெங்களூர் பில் ஒட்டவில்லை, சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு” என்று புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் விலைப்பட்டியலில் எது எந்த இனம் என்று எக்செல்லிலேயே பார்த்துவிடலாம். A2-இல் விலை, B2-இல் முதல் சூத்திரம், C2-இல் இரண்டாவது:

```
=ROUND(A2/1.05,2)
=ROUND(A2-B2-2*ROUND(B2*0.025,2),2)
```

C2 சுழியம் என்றால் அந்த விலை அப்படியே ஒட்டும். இல்லையென்றால் B2-இல் சூத்திரத்தை அழித்துவிட்டு மதிப்பை ஒரு பைசா ஏற்றியும் இறக்கியும் தட்டிப் பாருங்கள். மூன்றிலும் சுழியம் வரவில்லை என்றால் அது விடை இல்லாத விலை. 500-ஐ 499 ஆக்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். பைசாவுக்காக விலையை மாற்றுவது மாட்டுக்காக வீட்டை இடிப்பது போல, செய்யாதீர்கள். அடுத்த தரம் வரி விகிதம் மாறினால் வேறு விலைகள் ஒட்டாமல் போகும்.

11.905 போலச் சரிபாதியில் நிற்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் படித்த வழி, ஐந்து வந்தால் மேலே ஏற்று என்பது. எக்செல் தாளின் `ROUND` அப்படித்தான் செய்கிறது; மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் `DECIMAL` வகையும் அப்படியே. ஆனால் எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் விபிஏ-வின் `Round`, பைத்தானின் `round`, சி ஷார்ப்பின் `Math.Round` ஆகியவை சரிபாதி வந்தால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகும். 11.905 அங்கே 11.90 ஆக வேண்டும். இதிலும் ஒரு பொறி: தசமத்தைச் சாதாரண மிதவைப் புள்ளி எண்ணாக வைத்திருந்தால், இரும எண்ணில் அது துல்லியமாக உட்காராது. ஒரு மயிரிழை கூடியோ குறைந்தோ நிற்கும், விடையும் அந்தப் பக்கம் சாயும். ஜாவாஸ்கிரிப்டில் `(1.005).toFixed(2)` என்று தட்டினால் `1.01` வராது, `1.00` தான் வரும். இணைப்பு நிரல் எழுதுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: தொகையைத் தசம வகையில் வைத்திருக்கிறீர்களா, அல்லது பைசாவாக்கி முழு எண்ணில் வைத்திருக்கிறீர்களா? இரண்டில் ஒன்று இருந்தால் போதும். மிதவைப் புள்ளி என்று பதில் வந்தால் மற்றதைப் பேசுவதற்கு முன் அதை மாற்றச் சொல்லுங்கள்.

முதல் வழி: விலையை அனுப்பி, டேலியைக் கணக்கிடச் சொல்வது

பெரும்பாலான இணைப்புகள் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். சரக்கு, எண்ணிக்கை, வரி நீங்கிய விலை மூன்றும் போகும். மீதியை டேலி பார்த்துக்கொள்ளும். டேலியில் `Invoice Rounding` வகையில் ஒரு ரவுண்டு ஆஃப் லெட்ஜர் திறந்து, முறை `Normal Rounding`, எல்லை 1 என்று வைத்தால் மொத்தம் அருகில் உள்ள முழு ரூபாய்க்குப் போய்விடும். 1,899.93 தானாக 1,900 ஆகும்.

விலைகள் எல்லாம் முழு ரூபாயாக இருந்து, தள்ளுபடி முழு ரூபாயாக இருந்து, கூரியர் கட்டணமும் முழு ரூபாயாக இருந்தால் இந்த வழி ஓடும். செலவும் இல்லை. பிசகுவது பெரிய ஆர்டரில். பாக்கெட் விலையில் வெட்டிய பைசா எண்ணிக்கையோடு பெருகும். கல்யாணத்துக்கு 90 ரூபாய்த் தேன்குழல் 200 பாக்கெட் கேட்டால் 85.71 × 200 = 17,142.00. உண்மையில் வர வேண்டியது 17,142.86. வரியும் சேர்ந்து மொத்தம் 17,999.10. அருகில் உள்ள முழு ரூபாய் 17,999. வாடிக்கையாளர் கட்டியதோ 18,000. ரவுண்டு ஆஃப் இங்கே பிழையைச் சரிசெய்யவில்லை, ஒரு முழு ரூபாயாகக் கெட்டிப்படுத்திவிட்டது.

இந்த வழியில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் விலையை நான்கு தசமத்தில் அனுப்புங்கள். 85.7143 × 200 = 17,142.86. அங்கேயே பெரும்பாலான வில்லங்கம் தீர்ந்துவிடும். பில்லுக்கு ஓரிரு பைசா மட்டும் மிஞ்சும், அதை ரவுண்டு ஆஃப் பார்த்துக்கொள்ளும். இடையில் இருக்கும் தரவுத்தளத்தில் விலைப் புலம் `DECIMAL(10,2)` என்று இருந்தால் நான்கு தசமம் அனுப்பியும் பயனில்லை. மைஎஸ்கியூஎல் பிழை எதுவும் காட்டாமல் இரண்டாக வெட்டி வைத்துக்கொள்ளும். புலத்தை `DECIMAL(12,4)` ஆக்கிய பிறகே சோதியுங்கள்.

ஆத்தங்குடி ஓடு விற்பவர்களுக்கு இதே தொல்லை விலையில் வராது, அளவில் வரும். 12 அடி 6 அங்குலம், 10 அடி 4 அங்குலம் உள்ள அறை 129.1667 சதுர அடி. சதுர அடி 60 ரூபாய் என்று வைத்தால் 7,750.00. டேலியில் சதுர அடி அலகுக்கு இரண்டு தசமம் வைத்திருந்தால் 129.17 × 60 = 7,750.20. அலகின் தசம இடத்தை நான்கு வரை டேலி அனுமதிக்கிறது. அலகு மாஸ்டரில் மாற்றினால் முடிந்தது.

இரண்டாம் வழி: இரு பக்கமும் ஒரே விதியை வைப்பது

அட்டவணையின் நான்காவது வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே தோன்றும். டேலி பில் அடியில் வரி போடுவதாக இருந்தால் இணையக் கடையும் அப்படியே போடட்டும். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் வரி அமைப்புப் பக்கத்தில் `Round tax at subtotal level, instead of rounding per line` என்று ஒரு கட்டம் இருக்கிறது. இயல்பாக அதில் டிக் இருக்காது, அதாவது சரக்குவாரியாக வெட்டும். டிக் போட்டால் பில் அடியில் வெட்டும்.

நமது மதுரை ஆர்டருக்கு இது ஒட்டுகிறது. ஆனால் கலப்புப் பெட்டி ஒன்று மட்டும் வாங்கியவரின் பில் ஒட்டாது, அது விடை இல்லாத விலை. இன்னொன்றும் உண்டு: வரி உட்பட்ட விலை என்று வைத்தால் வூகாமர்ஸ் சரிபாதி வரியைக் கீழே இறக்குகிறது, மேலே ஏற்றும் டேலியோடு அந்த இடத்தில் முரண்படும். கூப்பன் வந்தால் இன்னும் ஒரு சிக்கல். 100 ரூபாய்த் தள்ளுபடியை மூன்று சம சரக்குக்குப் பிரித்தால் 33.33 மூன்று தரம், 99.99. மிச்ச ஒரு பைசாவை எந்தச் சரக்கில் ஏற்றுவது என்பதற்கு ஒவ்வொரு மென்பொருளும் ஒரு விதி வைத்திருக்கும், அதைத் திரையில் எங்கும் மாற்ற முடியாது.

எனவே இந்த வழி வித்தியாசத்தைக் குறைக்கும், ஒழிக்காது. டிக் போடுவதைச் செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஒரு புதுப்பிப்பு வந்தால் விதி மாறலாம், ஏன் மாறியது என்று உங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும்.

மூன்றாம் வழி: கணக்கை ஒரு இடத்தில் போட்டு, மறுபக்கம் எழுதிக்கொள்ள மட்டும் செய்வது

எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. வாடிக்கையாளருக்குப் போன பில்லில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதே எண்கள் அப்படியே டேலிக்குப் போகும். சரக்குவாரி மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, மொத்தம் நான்கும் தொகையாகவே போகும். டேலி எதையும் பெருக்காது. அந்த எண்களைக் கூட்டினால் கட்டிய தொகை வராவிட்டால், மிச்சத்தை இணைப்பு நிரலே ரவுண்டு ஆஃப் லெட்ஜரில் ஒரு பதிவாக எழுதிவிடும்.

இணையக் கடை மேலிருந்து கீழே இறங்குவதால் அங்கிருந்து வரும் பில்லுக்கு மிச்சம் பொதுவாகச் சுழியம்: 1,028.58 + 304.76 + 476.20, வரி 45.23 இரண்டு தரம், மொத்தம் 1,900.00. கடையில் கவுண்டர் பில்லிங் மென்பொருள் கீழிருந்து ஏறும் வகையாக இருந்தால் அதே சரக்குக்கு 1,899.98 வரும், மிச்சம் 0.02. இரண்டும் ஒரே இணைப்பு வழியாகப் போகலாம், சூத்திரம் ஒன்றுதான்: ரவுண்டு ஆஃப் = கட்டிய தொகை − பகுதிகளின் கூட்டு. கட்டிய தொகையை அசையாப் புள்ளியாக வைப்பதற்குக் காரணம், வங்கிக்கு வந்த பணத்தை யாரும் திருத்த முடியாது.

டேலியின் எக்ஸ்எம்எல் இறக்குமதியில் அந்தப் பதிவு இப்படி இருக்கும்:

```xml
<LEDGERENTRIES.LIST>
  <LEDGERNAME>Round Off</LEDGERNAME>
  <ISDEEMEDPOSITIVE>No</ISDEEMEDPOSITIVE>
  <AMOUNT>0.02</AMOUNT>
</LEDGERENTRIES.LIST>
```

வரவு பக்கம் நேர் எண், `No`. மிச்சம் எதிர்மறை என்றால் `AMOUNT` −0.02 என்றும் `Yes` என்றும் மாற வேண்டும். குறியை மாற்றி `Yes`-ஐ மறந்துவிடுவது வாடிக்கையாக நடக்கும் தவறு. பற்றும் வரவும் ஒரு பைசா பிசகினாலும் டேலி `Voucher totals do not match!` என்று சொல்லி அந்த பில்லை ஏற்காது. அது தொல்லை போலத் தெரிந்தாலும் நல்லதுதான், பைசா ஒட்டாத பில் சத்தமில்லாமல் உள்ளே போகாது.

மிச்சத்தை எதுவானாலும் ரவுண்டு ஆஃபில் தள்ளு என்று விட்டால் ஆபத்து. கூரியர் கட்டணம் 60 ரூபாய் அனுப்பப்படாமல் விட்டுப்போனால் அதுவும் ரவுண்டு ஆஃபில் போய் ஒளிந்துகொள்ளும். எல்லை ஒன்று வேண்டும், அதைக் குத்துமதிப்பாக ஒரு ரூபாய் என்று வைக்காமல் கணக்கிட்டு வையுங்கள். பில்லில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று இடத்தில் வெட்டுகிறோம்: மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் அரை பைசா. ஆக ஒரு சரக்குக்கு ஒன்றரை பைசா. மூன்று சரக்கு உள்ள பில்லில் நான்கரை பைசாவுக்கு மேல் மிச்சம் வந்தால் அது ரவுண்டிங் இல்லை, வேறு ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அந்த பில்லை நிறுத்திவைத்து ஆளைக் கூப்பிட வேண்டும். கவுண்டர் மென்பொருள் பில்லையே முழு ரூபாய்க்கு ஏற்றி இறக்கினால் அந்த ரவுண்டு ஆஃபைத் தனித் தொகையாக வாங்கிக்கொள்ளுங்கள், இந்த எல்லைக்குள் அதைக் கலக்காதீர்கள்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். இறக்கிய பில்லை யாராவது டேலியில் திருத்தத் திறந்து, எண்டர் தட்டிக்கொண்டே கீழே போனால் வரி மறுபடி கணக்கிடப்பட்டு 11.90 இருந்த இடத்தில் 11.91 வந்துவிடலாம். கணக்கெழுதுபவரிடம் சொல்லிவையுங்கள்: இணையக் கடை பில்லைப் பார்க்க மட்டும் திறக்க வேண்டும், திருத்தம் வேண்டுமென்றால் மூலத்தில் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கென்று தனி வவுச்சர் வகை வைத்துவிட்டால் அடையாளம் தெரியும். வரி டேலியின் கணக்கோடு ஒரு பைசா பிசகும் பில்கள் ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையில் தனியே ஒதுக்கப்படுகின்றனவா என்று முதல் மாதம் ஒரு முறை பார்த்து, ஆடிட்டரிடம் காட்டிக்கொள்வதும் நல்லது. இ-இன்வாய்ஸ் போடும் அளவுக்குப் பெரிய வியாபாரம் என்றால் அந்தத் தளமே ஒரு ரூபாய் வரை முன்பின் பொறுத்துக்கொள்கிறது, அங்கே பைசா தடையாக நிற்காது.

சரக்கு திரும்பி வரும்போது மட்டும் கவனம். 12 பாக்கெட்டுக்கு 1,028.58 என்று பில் போட்டாயிற்று. ஒவ்வொரு பாக்கெட்டாகத் திரும்பி வந்து ஒவ்வொன்றுக்கும் 85.71 கழித்தால் பன்னிரண்டும் வந்த பிறகும் ஆறு பைசா மிஞ்சும். கடைசிப் பாக்கெட்டுக்கு விலையைப் பெருக்காதீர்கள். மூல பில்லின் தொகையில் இதுவரை கழித்தது போக மீதி எவ்வளவோ அதைக் கிரெடிட் நோட்டில் போடுங்கள்.

நான்காம் வழி: நாளுக்கு ஒரு பில்

ஒவ்வொரு பில்லையும் கொண்டுவருவதை விட்டுவிட்டு, ஒரு நாளின் சில்லறை விற்பனையை வரி விகிதவாரியாகவும் மாநிலவாரியாகவும் கூட்டி, டேலியில் ஒரே பதிவாகப் போடுவது. ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்கான சிறு விற்பனையை ஜிஎஸ்டிஆர்-1-இலும் கூட்டுத்தொகையாகவே காட்டுகிறோம் என்பதால் கணக்கு முறைப்படி இதில் தடை இல்லை. பைசா வித்தியாசம் நாளுக்கு ஒரு ரவுண்டு ஆஃப் பதிவாகச் சுருங்கிவிடும்.

தீபாவளி வாரத்தில் நாளுக்குச் சில நூறு பில் போகும் கடைக்கு இது பெரிய நிம்மதி. விலை என்னவென்றால், டேலியில் வாடிக்கையாளர் பெயர் இருக்காது. சரக்கு இருப்பையும் டேலியிலேயே பார்ப்பவர்கள் சரக்குவாரி எண்ணிக்கையைத் தனியாகக் கூட்டி அனுப்ப வேண்டும். சரக்கு திரும்பினால் மூல பில்லை இணையக் கடையில்தான் தேட வேண்டும். கடனுக்கு வாங்கும் கடைக்காரர்கள், ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் இருந்தால் அவர்களின் பில்கள் தனித்தனியாகத்தான் போக வேண்டும், அவற்றுக்கு மூன்றாம் வழி.

இதில் இன்னொரு பொறி: கூட்டுத்தொகையில் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு பில்லில் 60 ரூபாய் கூடுதல், இன்னொன்றில் 60 குறைவு என்றால் நாளின் மொத்தம் கச்சிதமாக ஒட்டும். எனவே தொகையோடு பில் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள், எல்லைச் சோதனையைக் கூட்டுவதற்கு முன்னால் பில்வாரியாகச் செய்யுங்கள்.

வித்தியாசத்தைப் பார்த்தே காரணம் சொல்வது

எந்த வழிக்கு மாறினாலும், இப்போது இருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு மாறுங்கள். ஒரு மாத பில்களை எக்செல்லில் எடுத்து, பக்கத்தில் வித்தியாசம், பாக்கெட் எண்ணிக்கை, பில்லில் எத்தனை வகைச் சரக்கு, அனுப்பிய மாநிலம் ஆகியவற்றை வைத்து வரிசைப்படுத்தினால் போதும். எண்ணிக்கை கூடக் கூட வித்தியாசம் கூடினால் பாக்கெட் விலையில் வெட்டுகிறார்கள். எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் சரக்கு வகைகளோடு கூடினால், ஒரு பக்கம் சரக்குவாரியாகவும் மறுபக்கம் பில் அடியிலும் வரி போடுகிறார்கள். ஒற்றைச் சரக்கு பில்லில், குறிப்பிட்ட விலைகளில் மட்டும், ஒரே குறியோடு ஓரிரு பைசா வந்தால் அது சரிபாதி விதி அல்லது விடை இல்லாத விலை. வித்தியாசம் மதிப்பின் 7 சதவீதத்தை ஒட்டி வந்தால் ரவுண்டிங் பக்கமே போகாதீர்கள். ஒரு பக்கத்துச் சரக்கு மாஸ்டரில் பழைய 12 சதவீதம் இன்னும் மாறாமல் கிடக்கிறது.

முடிவெடுக்கும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: நாளுக்குப் பத்துப் பதினைந்து பில், எல்லாம் முழு ரூபாய் என்றால் முதல் வழியிலேயே இருங்கள், நான்கு தசமத்துக்கு மட்டும் மாறுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள வாடிக்கையாளர், கடன் விற்பனை, கல்யாண ஆர்டர் இவற்றில் ஏதாவது இருந்தால் மூன்றாம் வழிக்குச் செலவு செய்யுங்கள். சில்லறை மட்டும், கூட்டமும் அதிகம் என்றால் நான்காவது. மூன்றாம் வழிக்கு மாறுபவர்கள் மாதத்தின் முதல் தேதியில் மாறுங்கள், பழைய பில்களை மறுபடி அனுப்ப வேண்டாம். தொங்கிக்கொண்டிருக்கும் பழைய பைசாக்களை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வாடிக்கையாளர்வாரியாக ஒரே ஜர்னல் பதிவில் ரவுண்டு ஆஃபுக்கு மாற்றிவிடலாம்.